மலை மேல போட்ட பெயர்: ஒரு வெயிட்லிஸ்ட்டைப் படித்துப் பார்த்த கதை

ஜூன் மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில் அக்கா பையன் போன் பண்ணினான். "மாமா, எண்ணூறு பேர் சேந்துட்டாங்க. இனிமே யோசிக்கறதுக்கு ஒண்ணுமில்ல."

அவன் யோசிச்சு முடிச்சது இதுதான். ஏற்காட்டில் இருக்கிற சிறு காபி விவசாயிகளிடம் நேரடியாக வாங்கி, வறுத்து அரைத்து, மாதம் ஒரு அரைக்கிலோ பொட்டலம் வீட்டுக்கு அனுப்புவது. அதற்கு ஒரு ஆப். ஆப் செய்ய ஒருவர் ஆறு லட்சம் கேட்டிருக்கிறார். அந்த ஆறு லட்சத்துக்கு அக்கா நகையை வைக்கப் போகிறாள். எண்ணூறு பெயர் என்பது ஒரு லேண்டிங் பேஜில் இருந்து வந்த வெயிட்லிஸ்ட்.

ஆப் எழுதுவதற்கு முன்னால் ஒரு பக்கம் போட்டு, ஆள் வருகிறார்களா என்று பார்ப்பது நல்ல பழக்கம்தான். பையன் அதைச் செய்தானே என்று எனக்குச் சந்தோஷம்கூட. ஆனால் நகை விஷயம் என்பதால் அந்தப் பட்டியலைத் திறந்து பார்க்கலாம் என்று கேட்டேன். பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு புத்தகத்தை விமர்சிக்கிற மாதிரி ஒரு வெயிட்லிஸ்ட்டையும் விமர்சிக்கலாம் என்பது அப்புறம்தான் புரிந்தது.

பக்கத்தில் என்ன இருந்தது

மேலே பகோடா பாயின்ட்டில் எடுத்த மூடுபனிப் படம். அதன் கீழே "சேர்வராயன் மலையிலிருந்து நேரடியாக உங்கள் டபராவுக்கு" என்று ஒரு வரி. நன்றாகத்தான் இருக்கு. அதற்கும் கீழே ஈமெயில் போட ஒரு பெட்டி, "முதல் ஆயிரம் பேருக்கு 30 சதவீதம் தள்ளுபடி" என்று ஒரு பட்டன். அவ்வளவுதான். விலை இல்லை. எத்தனை கிராம் என்று இல்லை. சிக்கரி கலந்ததா, கலக்காததா என்று இல்லை. எப்போது கிடைக்கும் என்று இல்லை.

பெயர்கள் எப்போது வந்தன என்று தேதி வாரியாகப் பிரித்துப் பார்த்தோம். பாதிக்கு மேல் மே மாதக் கோடை விழா நாட்களில் வந்தவை. அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி நடக்கும்போது, தெரிந்தவர்களின் விடுதிகள் சிலவற்றின் வரவேற்பு மேசையில் கியூஆர் கோடு ஒட்டி வைத்திருக்கிறான். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, சேலத்து வெயிலிலிருந்து தப்பித்து, படகுத்துறையில் குழந்தைகளோடு நின்றுவிட்டு வந்து, குளிரில் ஒரு காபி குடிக்கிறவரிடம் "இந்த காபி வீட்டுக்கே வரணுமா?" என்று கேட்டால் என்ன சொல்வார்? வேண்டாம் என்று சொல்ல மனசு வருமா? அந்த இடத்தில் அவர் போட்டது மலைக்குப் போட்ட ஓட்டு. மலை இறங்கிய பிறகும் அந்த ஆசை மிச்சம் இருக்குமா என்று அந்தப் பக்கம் கேட்கவே இல்லை.

இது என் முதல் குறை. அந்தப் பக்கத்தில் "வேண்டாம்" என்று சொல்வதற்கு வழியே கிடையாது. வேண்டாம் என்று நினைத்தவர் பேசாமல் போய்விடுவார். அவர் எதனால் போனார் என்பது பதிவாகாது. எந்த முடிவு வந்தாலும் "ஆமாம்" என்றே படிக்க முடிகிற ஒன்றைச் சோதனை என்று சொல்ல முடியாது.

ஒரு "ஆமாம்" எவ்வளவு பெறும்?

வெயிட்லிஸ்ட் எண்ணிக்கையைப் படிக்கும்போது, அந்த "ஆமாம்" சொல்ல ஒருவர் என்ன கொடுத்தார் என்று பார்க்க வேண்டும். ஈமெயில் கொடுப்பதற்கு ஐந்து நொடி போதும். பலர் இதற்கென்றே ஒரு பழைய முகவரி வைத்திருப்பார்கள்.

காசு வாங்கினாலும் எல்லாக் காசும் ஒன்றல்ல. 2021 ஜூலையில் ஓலா எலக்ட்ரிக் நிறுவனம் ஸ்கூட்டருக்கு முன்பதிவு திறந்தது. அதன் தொழிற்சாலை எங்கள் மலைக்கு வடக்கே, கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி பக்கம் கட்டிக்கொண்டிருந்த சமயம். முன்பதிவுத் தொகை 499 ரூபாய், வேண்டாமென்றால் திரும்பக் கிடைக்கும். 24 மணி நேரத்தில் ஒரு லட்சம் பேர் பதிந்தார்கள் என்று நிறுவனம் அறிவித்தது. ஸ்கூட்டரின் விலை சொல்லப்பட்டது அதற்கு ஒரு மாதம் கழித்து, ஆகஸ்ட் 15 அன்று. எஸ்1 விலை 99,999 ரூபாய், எஸ்1 புரோ 1,29,999 ரூபாய் (மாநில மானியத்தைப் பொறுத்து மாறும்). அதாவது அந்த 499 கட்டியவர்கள் விலை தெரியாமல் கட்டினார்கள். அது நம்ம எண்ணூறு ஈமெயிலைவிடக் கனமான "ஆமாம்" என்பதில் சந்தேகமில்லை. ஆனால் "இந்த விலைக்கு வாங்குகிறேன்" என்ற பேச்சு அதில் இல்லை. வரிசையில் இடம் பிடித்து வைத்தார்கள், அவ்வளவே.

இதை ஆப் உலகத்தில் சரியாகச் செய்தவர் என்று நான் நினைப்பது, 2010ல் இங்கிலாந்தில் இருந்த ஜோயல் காஸ்கொய்ன். ட்விட்டர் பதிவுகளை வரிசையில் போட்டு நேரத்துக்கு நேரம் வெளியிடுகிற பஃபர் என்ற ஆப் செய்ய நினைத்தார். முதலில் இரண்டே பக்கம் போட்டார். முதல் பக்கத்தில் ஆப் என்ன செய்யும் என்ற விளக்கமும் ஒரு பட்டனும். அழுத்தினால் இரண்டாவது பக்கம், "இன்னும் தயாராகவில்லை, ஈமெயில் கொடுங்கள்" என்று. இதுவரை பையன் செய்ததும் அவர் செய்ததும் ஒன்றுதான். சிலர் ஈமெயில் கொடுத்தார்கள், அவர்களோடு பேசினார்.

வித்தியாசம் அடுத்த படியில். அந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு பக்கம் செருகினார். அதில் விலைப் பட்டியல்: இலவசம், மாதம் 5 டாலர், மாதம் 20 டாலர். இதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால்தான் ஈமெயில் பெட்டிக்கே போக முடியும். பெரும்பாலானவர்கள் விலையைப் பார்த்துத் திரும்பிப் போனாலோ, எல்லோரும் இலவசத்தையே தொட்டாலோ, அதுவும் ஒரு பதில். சிலர் காசு கட்டுகிற திட்டத்தை அழுத்தினார்கள். அதன் பிறகுதான் ஆப் எழுத உட்கார்ந்தார். ஏழு வாரத்தில் முடித்து, 2010 நவம்பர் 30 அன்று வெளியிட்டார். சில நாட்களிலேயே முதல் கட்டண வாடிக்கையாளர் வந்தார்.

ஒரே ஒரு பக்கம்தான் கூடியது. ஆனால் அந்தப் பக்கம் வந்த பிறகு சோதனை தோற்பதற்கு ஒரு வழி கிடைத்தது. வந்தவர்களில் சிலர் நடுவில் உதிர முடிந்தது. எங்கே உதிர்ந்தார்கள் என்று எண்ணவும் முடிந்தது.

முதலில் கணக்கு, அப்புறம் பக்கம்

பையனை உட்காரவைத்து ஒரு தாளில் கணக்குப் போட்டோம். இதைப் பக்கம் போடுவதற்கு முன்னாடியே போட்டிருக்க வேண்டும்.

அரைக்கிலோ பொட்டலம் 480 ரூபாய் என்று வைத்திருந்தான். கொட்டை, வறுவல், பை, கூரியர் எல்லாம் போக ஒரு பொட்டலத்தில் சுமார் 80 ரூபாய் நிற்கும். ஆறு லட்சத்தை 80ஆல் வகுத்தால் 7,500 பொட்டலம். எண்ணூறு பேரும் மாதாமாதம் வாங்கினால் வருஷத்துக்கு 9,600 பொட்டலம். பத்து மாதத்துக்குள் ஆப் காசு திரும்பிவிடும். நூறு பேர் வாங்கினால் வருஷத்துக்கு 1,200தான். ஆறு வருஷத்துக்கு மேல் ஆகும். அதுவரை அந்த ஆப் அப்படியே ஓடிக்கொண்டிருக்காது, நகைக்கு வட்டி மட்டும் ஓடும்.

ஆக நம்முடைய கேள்வி "ஆர்வம் இருக்கிறதா" என்பதல்ல, "எண்ணூறுக்குப் பக்கமா, நூறுக்குப் பக்கமா" என்பது. கேள்வி இப்படிக் குறுகிய பிறகுதான் பக்கத்துக்கு வேலை வந்தது.

பக்கத்தை மாற்றினோம். 480 ரூபாய், 500 கிராம், பிப்ரவரி முதல் வாரத்தில் முதல் பார்சல் என்று மேலேயே எழுதினோம். சிக்கரி இல்லாதது, 20 சதவீதம் சிக்கரி கலந்தது என்று இரண்டு தேர்வு. அதற்குப் பிறகு 100 ரூபாய் முன்பணம். பணம் கட்டுகிற இடத்துக்கு மேலேயே, "இன்னும் அறுவடை ஆகவில்லை, ஆப்பும் இல்லை. போதுமான பேர் சேராவிட்டால் பணம் திரும்ப வரும்" என்று தெளிவாகப் போடச் சொன்னேன். பையன் முனகினான், "இப்படி எழுதினா யாரு மாமா கட்டுவா?" இல்லாத பொருளை இருப்பதாகக் காட்டி வாங்குகிற பணம் சோதனையில் சேராது, அதற்கு வேற பேர் இருக்கு என்றேன்.

யார் எங்கிருந்து வருகிறார்கள் என்று தெரிய, ஒவ்வொரு இடத்துக்கும் தனி இணைப்பு கொடுத்தோம். பக்கத்தின் முகவரிக்குப் பின்னால் இப்படி ஒட்டினால் போதும்:

```
?utm_source=old-list
?utm_source=apartment-whatsapp
```

முதலாவது பழைய எண்ணூறு பேருக்குப் போகிற மெயிலில். இரண்டாவது சேலத்திலும் சென்னையிலும் இரண்டு அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாட்ஸ்அப் குழுக்களில். மலை ஏறாமல், தன் வீட்டுச் சமையலறையில் இருந்தே பார்க்கிறவர்கள் இவர்கள்.

இன்னொன்றும் செய்தோம். இதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். அனுப்புவதற்கு முன்னாலேயே தாளில் கோடு போட்டோம். பழைய பட்டியலில் 80 பேருக்கு மேல் பணம் கட்டினால் ஆப் பற்றிப் பேசலாம். பத்துக்குக் கீழே என்றால் மூட்டை கட்டலாம். நடுவில் என்றால் காபி விற்கலாம், ஆப் வேண்டாம். தேதி போட்டு அக்காவையும் கையெழுத்துப் போடச் சொன்னேன். எண்ணைப் பார்த்த பிறகு கோடு போட்டால், வந்த எண்ணுக்குக் கீழேதான் கோடு விழும். மனுஷ சுபாவம்.

வந்தது என்ன

இரண்டு வாரம் விட்டோம். பழைய பட்டியலில் 800 பேருக்கு மெயில் போனது. பக்கத்துக்கு வந்தவர்கள் எழுபது சொச்சம். காபி வகையைத் தேர்ந்தெடுத்தவர்கள் 31. பணம் கட்டியவர்கள் 11. வாட்ஸ்அப் குழுக்களில் இருந்து 200 பேர் வந்தார்கள். 9 பேர் கட்டினார்கள்.

மொத்தம் இருபது. பையன் முகம் விழுந்துபோச்சு. அந்த இருபதிலும் நாலு பேர் சொந்தக்காரங்க. அதில் ஒருத்தர் நானேதான். எங்களை அடித்துவிட்டால் பதினாறு.

இந்த எண்களை எவ்வளவு நம்பலாம் என்றும் சொல்ல வேண்டும். 200க்கு 9 என்றால் நாலரை சதவீதம். ஆனால் இவ்வளவு சின்ன எண்ணிக்கையில், உண்மை விகிதம் நூற்றுக்கு 2 ஆகவும் இருக்கலாம், 8 ஆகவும் இருக்கலாம்; தற்செயல் அவ்வளவு தூரம் ஆட்டும். அதனால் "நாலரை சதவீதம்" என்று எங்கேயும் எழுதாதே என்று சொன்னேன். ஆனால் எங்கள் கேள்விக்கு அவ்வளவு துல்லியம் தேவைப்படவில்லை. எண்ணூறா, நூறா என்பதுதான் கேள்வி. பதினாறு என்பது எப்படி ஆடினாலும் எண்ணூறு ஆகாது.

எதிர்பார்க்காத ஒன்றும் கிடைத்தது. கட்டிய இருபது பேரில் 14 பேர் சிக்கரி கலந்ததைத்தான் எடுத்தார்கள். பழைய பக்கத்தை எழுதும்போது பையன் மனசில் இருந்தது "கலப்பில்லாத சுத்த அரபிகா". அதுதான் பெருமை என்று நினைத்தான். ஆனால் ஃபில்டரில் கெட்டியாக டிகாக்ஷன் இறங்கணும், பால் ஊற்றினாலும் நிறம் நிற்கணும் என்று பழகிய வீடுகள் அவை. தனி அரபிகா அந்த டபராவில் கொஞ்சம் தண்ணியாகத் தெரியும். எண்ணூறு ஈமெயிலும் சேர்ந்து சொல்லாத இந்த ஒரு சங்கதியை இருபது பேர் சொல்லிவிட்டார்கள், தேர்வு செய்ய இடம் கொடுத்ததால்.

பக்கம் எட்டாத பாதி

இதுவரை சொன்னது வாங்குகிறவர்கள் பக்கம். விற்கிறவர்கள்? எந்த லேண்டிங் பேஜுக்கும் அவர்கள் வரப்போவதில்லை. மலையில் காபி, மிளகு வைத்திருக்கிற சிறு விவசாயிகளில் பலர் மலையாளி பழங்குடியினர். அவர்களைச் சோதிக்க நடந்துதான் போகணும். அக்டோபரில், பழம் பழுப்பதற்கு முன், நாகலூர் பக்கம் போனோம்.

போவதற்கு முன் எவ்வளவு வேண்டும் என்று கணக்கு. பதினாறு பேருக்கு மாதம் அரைக்கிலோ என்றால் வருஷத்துக்கு 96 கிலோ தூள். வறுக்கும்போது எடை ஆறில் ஒரு பங்கு போகும் என்பதால் 115 கிலோ பச்சைக் கொட்டை. மேல் தோலோடு காய்ந்த பார்ச்மென்ட் காபியாக வாங்கினால், அதில் ஐந்தில் ஒரு பங்கு தோல். சுமார் 145 கிலோ, மூன்று மூட்டைக்குள் முடிந்துவிடும். ஒரு ஏக்கர் தோட்டமே போதும். இங்கேதான் இன்னொன்றும் தெரிந்தது. காபி வருஷத்துக்கு ஒருமுறை, நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் வரும். வாடிக்கையாளர் மாதாமாதம் கட்டுவார், நாம் வருஷத்துச் சரக்கை ஒரே மூச்சில் வாங்கி வைக்கணும். அக்கா நகை அடகுக்குப் போவதாக இருந்தால்கூட, முதலில் போக வேண்டியது மூட்டைக்கு. ஆப்புக்கு அல்ல.

முதல் வீட்டில் பெரியவர் ரொம்ப மரியாதையாகப் பேசினார். "குடுக்கலாம் தம்பி, பாத்துக்கலாம்" என்றார். பையன் அதை நோட்டில் எழுதப் போனான். நான் தடுத்தேன். இது அந்த ஈமெயில் பெட்டி மாதிரிதான். சொல்வதற்கு அவருக்கு ஒன்றும் செலவில்லை. "பல்பர் இருக்குங்களா ஐயா? காயவைக்கக் களம் இருக்குங்களா?" என்று கேட்டேன். இரண்டும் இல்லை. பழமாகவே வியாபாரிக்குப் போட்டுவிடுகிறார். உரத்துக்கு அந்த வியாபாரியிடம் முன்பணமும் வாங்கியாச்சு. அவர் நமக்கு "ஆமாம்" சொல்ல வேண்டுமென்றால் அந்த முன்பணத்தைத் திருப்ப வேண்டும், அடுத்த வருஷம் அவசரத்துக்குக் கைகொடுக்கிற ஒருவரையும் இழக்க வேண்டும். மூன்று மூட்டைக்காக அதை யார் செய்வார்கள்? அவரிடம் அதைக் கேட்பதும் நியாயமில்லை.

மூன்றாவது வீட்டில் கையால் சுற்றுகிற பல்பர் இருந்தது, சிமெண்டுக் களமும் இருந்தது. யாரிடமும் முன்பணம் வாங்கியிருக்கவில்லை. விலை பேசி, ஐயாயிரம் ரூபாய் கொடுத்தோம். அந்த அம்மா வாங்கி முடிச்சுப் போட்டுக்கொண்டு, "மூணு மூட்டை உங்களுது. வரலன்னா காசு எங்களுது" என்றார். எங்களுக்கு வந்த பதில்களிலேயே தெளிவானது அதுதான். இரண்டு பக்கமும் ஏதோ ஒன்றை வைத்துவிட்டுச் சொன்ன "ஆமாம்".

இந்தச் சோதனையும் சொல்லாதது

என் சோதனையிலும் ஓட்டை இருக்கு. நூறு ரூபாய் என்பது 480 அல்ல. கட்டியவர்களில் சிலர் பிப்ரவரியில் மீதியைக் கட்டாமல் போகலாம். அதைவிட முக்கியம், இந்தப் பக்கம் முதல் பொட்டலத்தைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது. சந்தா என்கிற வியாபாரம் நிற்பது மூன்றாவது, நான்காவது பொட்டலத்தில். குடித்துப் பார்த்துவிட்டு, தெருமுனைக் கடையில் கண்ணெதிரே அரைத்துத் தருகிற தூளை விட்டுவிட்டு இதற்கு மறுபடி காசு கட்டுவார்களா என்பதை எந்த லேண்டிங் பேஜாலும் சொல்ல முடியாது. அதைக் காபிதான் சொல்லணும்.

தாளில் போட்ட கோட்டின்படி நடுவில் வந்து நின்றோம். பதினொன்று, சொந்தக்காரர்களை அடித்தால் அதிலும் ஒற்றை இலக்கம்தான். கறாராகப் பார்த்தால் மூட்டை கட்ட வேண்டிய எண். வாட்ஸ்அப் பக்கத்து ஒன்பதைக் காட்டி, நடுக்கோட்டுக்கு வாதாடியவன் பையன், விட்டுக்கொடுத்தவன் நான். நான் சொன்ன மனுஷ சுபாவம் எனக்கும் உண்டு. ஆனால் ஆப் கோட்டை மட்டும் யாரும் தொடவில்லை.

இப்போ பதினாறு பேரும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார்கள். கணக்கு ஒரு நோட்டில் இருக்கிறது. பையன் வேலையை விடவில்லை. பெங்களூரிலிருந்து மாதம் ஒரு சனிக்கிழமை மலை ஏறுகிறான். அக்கா நகை பீரோவில் இருக்கிறது. மீதி எழுநூத்திச் சொச்சம் பேருக்கு, "இப்போதைக்குச் செய்யவில்லை, உங்கள் முகவரியை அழித்துவிட்டோம்" என்று ஒரு கடைசி மெயில் அனுப்பச் சொன்னேன். அனுப்பினான்.

அதற்கு மூன்று பேர் பதில் எழுதினார்கள். அதில் ஒருவர் கேட்டது: "எந்த ஆப்?"